அரைச்சத வெண்பா
(துடுப்பாட்டப் பித்தரான நண்பருக்குப் பிறந்தநாட் பாட்டு எழுதும் முறை)

துடுப்பாட்டத்துக்கும் நகைச்சுவைப் பாட்டுக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. 1882ஆம் ஆண்டில் இங்கிலாந்து அணி தன் மண்ணிலேயே அவுஸ்திரேலியரிடம் தோற்றபோது, இலண்டன் பத்திரிகையொன்று ஆங்கிலத் துடுப்பாட்டம் இறந்துபட்டதென்று ஒரு பொய் மரண அறிவித்தலை வெளியிட்டது. அந்தப் பகடியிலிருந்து பிறந்ததே ‘சாம்பல்’ என்னும் பரிசு. அச்சாம்பற் சிமிழைப் படத்திலேனும் கண்டவர்கள் அதன் வயிற்றில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கவனித்திருப்பர். 1883இல் மெல்பேண் நகரத்து நகைச்சுவை ஏடொன்றில் வந்த சிறு பாட்டே அது. உலகில் மிகப் பெயர்பெற்ற துடுப்பாட்டப் பரிசு ஒரு வேடிக்கைப் பாட்டைத் தன் மார்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது.

நம்மவரும் இக்காலத்தில் நண்பரின் பிறந்தநாளுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கின்றனர். எனினும் எழுதப்படுவனவற்றிற் பல, ‘வாழ்வென்னும் மைதானத்தில் நூறு அடிப்பாய்’ என்ற ஒரே வாழ்த்தையே நான்காக மடித்து வைத்தவையாக உள்ளன. அவற்றில் நகையுமில்லை, பாட்டுமில்லை. நாலடியில் நகை விளைவிக்க நம் மொழியில் உள்ள கருவி வெண்பா. அவ்வெண்பாவைத் துடுப்பாட்டச் சொற்களைக்கொண்டு கட்டுவது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலத்திலும் இதற்கு இணையாக ஒரு நாலடி உண்டு. பென்ற்லி என்பார் புகழ்பெற்றோரைக் கேலிசெய்து தாம் எழுதிய நாலடிப் பாட்டுக்களை 1905இல் நூலாக வெளியிட்டார். அவற்றில் முதலிரண்டு அடிகளும் ஓர் இயைபு, பின்னிரண்டும் ஓர் இயைபு. அடிகளோ ஒன்று முழம், மற்றொன்று சாண். அந்த ஒழுங்கின்மையே அங்கே சிரிப்புக்குக் காரணம். வெண்பாவின் இயல்பு இதற்கு நேர் எதிர். அது கண்டிப்பான ஆசிரியரைப் போல் நிமிர்ந்து நிற்கும். அவ்வாறு நிற்பவர் வாயிலிருந்து கேலி வந்தாற் சபை இருமடங்கு சிரிக்கும். பதினைந்தாம் நூற்றாண்டிற் காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும், பாம்பையும் எலுமிச்சையையும் ஒரே வெண்பாவிற் பூட்டிக் காட்டிய வித்தை இதுவே. அவர் கையாண்ட கருவிக்குச் சிலேடை என்று பெயர். ஒரு சொற்றொடர் இரண்டு பொருளுக்கு ஒருங்கே இயைந்து நிற்பது சிலேடை என்று தண்டியலங்காரம் கூறும். சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தருவது செம்மொழிச் சிலேடை. வெவ்வேறாகப் பிரித்தால் வெவ்வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. பிறந்தநாள் விருந்திற் பாட்டைக் கேட்போர் கையில் தாளும் எழுதுகோலும் இருப்பதில்லையாதலின், நமக்குச் செம்மொழிச் சிலேடையே போதும்.

இங்கேதான் இலங்கைத் தமிழர்க்கு ஒரு நற்பேறு வாய்த்திருக்கின்றது. தமிழ்நாட்டார் மட்டை என்று சொல்வதை நாம் துடுப்பு என்கிறோம். ஆட்டத்தையே துடுப்பாட்டம் என்கிறோம். துடுப்போ படகு வலிக்கும் கருவியின் பெயர். பந்து நிலந்தொடாமல் எல்லைக்கு அப்பால் விழுந்தாற் கிடைப்பது ஆறு. ஆறென்பது நதியும் ஆகும். அடித்தவன் எடுப்பது ஓட்டம், நீருக்கும் ஓட்டமுண்டு. ஆகவே துடுப்பு, ஆறு, ஓட்டம், எல்லை என்னும் நான்கு சொற்களும் எவரும் வலிந்து தேடாமலே ஓடக்காரனுக்கும் ஆட்டக்காரனுக்கும் பொதுவாய் நிற்கின்றன. இவற்றைக் கோத்தால் இவ்வாறு ஒரு வெண்பா அமையும்:

நாடித் துடுப்பெடுக்கும் நல்லோட்டம் நோக்கிடும்
ஆடியே ஆறுகண் டார்ப்பரிக்கும் - ஓடியே
எல்லை கடந்தால் இளைப்பாறும் என்னண்பா
வல்ல படகோட்டி நீ.

ஓடக்காரன் துடுப்பெடுக்கிறான்; நீரோட்டத்தைப் பார்க்கிறான்; ஆற்றைக் கண்டு ஆர்ப்பரிக்கிறான்; எல்லையைக் கடந்ததும் இளைப்பாறுகிறான். ஆட்டக்காரனும் அப்படியே. எல்லையைப் பந்து கடந்துவிட்டால் அவன் ஓடவேண்டுவதில்லையன்றோ? ஆகவே ‘இளைப்பாறும்’ என்பது வெறும் நிரப்புச் சொல்லன்று. ஆட்டத்தின் விதியே அதிலுள்ளது. துடுப்பாட்டப் பித்தர்கள் இத்தகைய இடத்தைத்தான் முதலிற் பிடித்துக்கொள்வர். விதி பிழைத்தாற் சிலேடை எத்துணை அழகாயிருப்பினும் அவர்கள் முகஞ்சுளிப்பர்.

ஆயினும் இந்தப் பாட்டுக்கு ஒரு குறையுண்டு. இது யாருக்கும் பொருந்தும். பதுளை ஓயாவில் ஓடம் விட்டவரை நாம் கண்டதில்லை; துன்கிந்தையில் விட்டால் ஓடக்காரனைத் தேடவேண்டியிருக்கும். பிறந்தநாட் பாட்டு ஒருவருக்கே உரியதாக இருக்கவேண்டும். அவருடைய வயது, தொழில், வீடு என்பவற்றுள் ஒன்றேனும் அதில் வந்தாக வேண்டும். ஆதலின் வேறொரு சிலேடையை நாடுவோம்.

பசறைக்கும் நமுனுகுலைக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டத்திற் பெரிய கிளாக்கராக இருக்கும் ஒருவரை மனத்திற் கொள்வோம். கற்பனை நண்பரே, ஆனால் இவரைப் போன்றவர் ஊவாவில் எங்குமுளர். இளமையிற் பதுளையில் ஏதோ ஒரு கழகத்துக்கு ஆடியவர். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரட்டுக்களத்திற் பிள்ளைகளோடு துடுப்பெடுத்து நிற்பவர். முத்தையா முரளிதரன் 2010ஆம் ஆண்டிற் காலியில் எண்ணூறாவது இலக்கை வீழ்த்திய கதையைக் கேளாதவர்க்கும் சொல்பவர். அவருக்கு ஐம்பது வயது நிறைகின்றது.

ஐம்பது என்றதும் துடுப்பாட்ட உலகில் வரும் சொல் அரைச்சதம். நூறு ஓட்டம் சதம். ஐம்பது ஓட்டம் அரைச்சதம். நம் நாட்டிலோ சதம் என்பது காசின் பெயருமாகும். 1872இல் ரூபாய் நூறு சதமாகக் கணக்கிடப்படத் தொடங்கியபோது, அரைச்சதம் என்ற ஒரு செப்புக் காசும் வழங்கிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு அதை அடிப்பது நின்றது. ஐம்பது ஆண்டு வாழ்ந்து ஆடியவரிடம், ‘நீர் ஈட்டியது அரைச்சதம்’ என்றாற் பெருமையும் உண்டு, கேலியும் உண்டு. ஒரே சொல் ஒருவரைத் தூக்கியும் இறக்கியும் வைக்கின்றது. தமிழ்நாட்டில் இந்தச் சிரிப்பு விளையாது. அங்கே காசைச் சதமென்று எவரும் சொல்வதில்லை. இதுவே நமக்கு வேண்டிய சொல். பாட்டின் மற்ற அனைத்தும் இச்சொல்லுக்குச் செல்லும் படிகள்.

இனிக் கட்டும் முறை. சிலேடைச் சொல் மூன்றாம் அடியின் இறுதியில் வரவேண்டும் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுதல் நன்று. முதலடியில் அது வந்துவிட்டால் எஞ்சிய மூன்றடியும் விளக்கவுரையாய்விடும். நான்காமடியின் இறுதியில் வந்தாலோ, சிரிப்புக்கு இடம் விடாமற் பாட்டு முடிந்துவிடும். மூன்றாமடியின் இறுதியில் வைத்தாற் கேட்போர் ஒரு நொடி திகைத்து, முச்சீரான சிந்தடியாகிய ஈற்றடியில் விடை பெறுவர். வெண்பாவின் ஈற்றடி ஏனைய அடிகளிலும் ஒரு சீர் குறைந்து நிற்பது நகைச்சுவைக்கென்றே வகுத்தது போலும்.

அடுத்தது எதுகை. நாலடிக்கும் தனிச்சொல்லுக்குமாக ஐந்து சொற்கள் வேண்டும். எதுகையை அகராதியில் தேடுவதினும் பாட்டின் பொருளில் தேடுவதே முறை. நம் நண்பர் தோட்டத்தில் உள்ளவர், எடுப்பது ஓட்டம், கேலி நிகழுமிடம் வீடு. தோட்டம், ஓட்டம், வீட்டில் என்னும் மூன்றும் தாமாகவே ஓரெதுகையாய் வந்து நிற்கின்றன. கேட்டாள், காட்டு என்னும் இரண்டும் சேர்ந்தால் ஐந்தும் நிரம்பின. அன்றியும் இந்த ஐந்து சொற்களே கதையைச் சொல்லிவிடுகின்றன: தோட்டத்துக்காரர் ஓட்டமெடுத்தார், வீட்டிற் கேட்டாள், காட்டு என்று. எதுகைச் சொற்களை மட்டும் வாசித்தாற் கதையின் எலும்பு தெரியுமானால் வெண்பா நேரான வழியிற் செல்கின்றது என்று அறியலாம்.

முதலடிக்கு வருவோம். தோட்டங்களிற் கண்காணிப்பாளரைத் துரை என்பது வழக்கு. வெள்ளைத் துரைமார் தம் கழகங்களிற் பந்தடித்த காலத்தின் நினைவு இன்றும் தோட்டத்தாரிடம் உண்டு. கிளாக்கர் துரையைப் போலத் துடுப்பெடுத்தார் என்பது நல்ல தொடக்கம். அதனை ‘தோட்டத்தில் துடுப்பெடுத்தாய்’ என்று எழுதவே எவருக்கும் கை வரும். அலகிட்டுப் பார்க்க: தோட்-டத்-தில் என்பது நேர்-நேர்-நேர், தேமாங்காய். காய்ச்சீரின் முன் நேரசை வரவேண்டும். ‘துடுப்’ என்பதோ நிரை. ஆகவே கலித்தளை புகுந்து வெண்பா கெட்டது. வாய்விட்டு வாசித்தாலும் ‘தில்’ என்ற இடத்திற் கால் இடறுவது போலிருக்கும். ‘தோட்டத் துரைபோல் துடுப்பெடுத்தாய்’ என்றாலோ, தோட்-டத் தேமா. அதன் முன் துரை என்னும் நிரை. துரை-போல் புளிமா, அதன் முன் துடுப் என்னும் நிரை. மாமுன் நிரை இருமுறை வந்து இயற்சீர் வெண்டளை அமைந்தது. துடுப்-பெடுத்-தாய் கருவிளங்காய், அதன் முன் ‘தோழனே’ என்பதன் நேர் வந்து வெண்சீர் வெண்டளையாயிற்று. தோ-ழனே கூவிளம் ஆதலின், அடுத்த அடி நேரசையில் தொடங்கவேண்டும், ‘ஓட்’ காத்திருக்கின்றது. மோனைக்கும் தோ, து, து, தோ என நாற்சீரும் ஓரினமாயின. இவ்வளவு மோனை வேண்டுமென்பதன்று; கிடைத்தால் விடவேண்டியதுமில்லை.

இரண்டாமடியில் ஒரு நுட்பமுண்டு. ‘ஓட்டமோ ஐம்பதை எட்டிற்றே’ என்றாற் பொருள் சரி, தளையும் சரி. ஆனால் ஓகாரத்துக்கு எகாரம் மோனையாகாது. மோனைக்காக ‘ஒட்டிற்றே’ என்று மாற்றலாமே எனின், ஐம்பதை ஒட்டியது நாற்பத்தொன்பது! துடுப்பாட்டக்காரரிடம் நாற்பத்தொன்பதைப் பேசுவது ஆறின புண்ணைக் கீறுவதாகும். அதுவன்றி நண்பர் ஐம்பதை நிறைத்துவிட்டார். கணக்குப் பிழையான மோனையினும் மோனையில்லாத கணக்கே மேல். இரண்டும் வேண்டுமாயின் ‘ஐம்பதாய் ஓங்கிற்றே’ என்க. ஓங்-கிற்-றே தேமாங்காய்; ஓவுக்கு ஓ மோனை; ஐம்பதென்ற தொகையும் குறையவில்லை. அதன்பின் தனிச்சொல் ‘வீட்டிலோ’. இதுவரை மைதானத்தில் நின்ற பாட்டு இவ்வொரு சொல்லால் வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகின்றது. நேரிசை வெண்பாவின் தனிச்சொல் இவ்வாறு இடமோ காலமோ மாறும் திருப்பமாக அமைந்தாற் சிறக்கும். ‘பாராய்’, ‘கேளாய்’ என்று வெறிதே நிறுத்துவது இடத்தை வீணாக்குவதாகும்.

மூன்றாமடியில் ‘கிடைத்த அரைச்சதத்தை’ என்றெழுதினால், அகரத்தோடு அகரம் புணர்ந்து வகர உடம்படுமெய் தோன்றும். பாடும்போது ‘கிடைத்தவரைச்சதம்’ என்று ஒலிக்கும். கேட்போர் காதில் விழுவது ‘வரை’. நம் முழுச் சிரிப்பையும் தாங்கி நிற்கும் சொல்லின் தலையெழுத்தே மறைந்துபோயிற்று. ஆகவே ‘கிடைத்தால்’ என்று மெய்யில் முடிவதாக மாற்றவேண்டும். அலகு மாறவில்லை: கிடைத்-தால், புளிமா. பொருளிலோ ஓர் ஏளனம் கூடிற்று. ‘உண்மையிற் கிடைத்திருந்தாற் காட்டும் பார்ப்போம்’ என்று மனைவி கேட்பது போலாயிற்று. பாட்டு முழுவதும் இதோ:

தோட்டத் துரைபோல் துடுப்பெடுத்தாய் தோழனே!
ஓட்டமோ ஐம்பதாய் ஓங்கிற்றே! - வீட்டிலோ
கேட்டாள் மனைவி, “கிடைத்தால் அரைச்சதத்தைக்
காட்டுக கைக்காசாய்” என்று.

ஈற்றடியை அலகிடுவோர் ஒன்றைக் கண்டு நகைக்கலாம். காட்-டுக கூவிளம், கைக்-கா-சாய் தேமாங்காய், என்-று நேர்பு. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடியவேண்டும் என்பது விதி. ‘என்று’ முடிவது காசு என்னும் வாய்பாட்டினால். நண்பரின் பையில் இல்லாத காசு வெண்பாவின் ஈற்றில் இருக்கின்றது. இதைச் சபையில் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. தமிழ் படித்த ஒருவர் இருந்தால் அவரே கண்டுகொள்வார்.

ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்தாளலாமா என்று மாணவர் வினவுவதுண்டு. எடுத்தாளலாம்; ஆனால் அலகிடும்போது கண்ணை நம்பாமற் காதை நம்பவேண்டும். பவுண்டரி என்று எழுதினால் பவுண்-டரி, நிரைநிரை, கருவிளம். பௌண்டரி என்று எழுதினால் பௌண்-டரி, நேர்நிரை, கூவிளம். ஒரு பந்துதான், ஆனால் அதற்கு முன் நிற்கவேண்டிய சீர் இரண்டிடத்தும் வேறு. முன்னதற்கு மாச்சீரும், பின்னதற்கு விளச்சீரோ காய்ச்சீரோ வேண்டும். ‘ஸ்கோர்’ இன்னும் தொல்லை. தாளில் ஓரசையாய்த் தோன்றும். வாயில் ‘இஸ்கோர்’ என்று ஈரசையாய்விடும். அத்தகைய சொல்லை விலக்குவதே எளிது. முரளிதரன் என்ற பெயரோ முர-ளித-ரன் எனக் கருவிளங்காயாய் மாச்சீரின் பின் தடையின்றி நிற்கும். அடுத்த சீர் நேரசையில் தொடங்கினாற் போதும்.

சொல்லத் தகாதவை சில உண்டு. பாட்டியல் நூல்கள் பாட்டின் முதற்கண் மங்கலச் சொல் வேண்டும் என்று பொருத்தம் பார்ப்பன. நச்செழுத்தை இக்காலத்தில் எவரும் அஞ்சுவதில்லையெனினும், அந்நூல்களின் உட்கருத்துப் பிறந்தநாட் பாட்டுக்கு முற்றும் பொருந்தும். துடுப்பாட்டத்தில் ஒருவர் வெளியேறுவதை நாம் ஆட்டமிழப்பு என்கிறோம். வாழ்நாளை ஆட்டமென்று உருவகித்துவிட்ட பாட்டில் ஆட்டமிழப்பு எதைக் குறிக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை. கடைசி ஓவர், கடைசி இலக்கு, ஒளி மங்கி ஆட்டம் நின்றது என்பனவும் அப்படியே. இளைஞர் இருபத்தைந்து வயதினருக்கு இவற்றைச் சொல்லிச் சிரிக்கலாம். ஐம்பது கடந்தவர் வீட்டில் அவருடைய தாயார் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை நினைக்கவேண்டும்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று நமது வெண்பாவிலேயே மறைந்து கிடக்கின்றது. தோட்டத்தில் வாழாதவர்க்கு அது தெரியாது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒருநாள் வேலை ஒரு ‘பேர்’. அன்றைக்கு விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் போடமாட்டார்கள்; ‘அரைப்பேர்’ என்று செக்றோலிற் பதிவார்கள். முழுநாளும் மலையேறி இறங்கியவளுக்குக் கிடைப்பது பாதிக்கூலி. பேர்க்கணக்குக்குப் புறம்பாக, பறித்த நிறைக்கே கொடுக்கும் கூலிக்குக் கைக்காசு என்று பெயர். ஆகவே ‘அரை’ என்பதும் ‘கைக்காசு’ என்பதும் தோட்டத்திற் சும்மா வரும் சொற்களல்ல. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று அரசு வர்த்தமானியில் விதித்த பின்பும், எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்பதே மலையில் வழக்காயிற்று.

இதை அறிந்த கூரிய மாணவர் ஒருவர், ‘அரைச்சதத்தைக் காட்டுக என்பதினும் அரைப்பேரைக் காட்டுக என்றால் தோட்டத்துக்கு இன்னும் பொருந்துமே, கைக்காசும் அதனோடு சேருமே’ எனலாம். அவர் சொல்வதில் யாப்புப் பிழை சிறிதுமில்லை. அரைப்-பே-ரைக் என்பது நிரைநேர்நேர், புளிமாங்காய். முன்னுள்ள ‘கிடைத்தால்’ என்ற மாச்சீருக்கு நிரை வந்தது. பின்னுள்ள ‘காட்டுக’ என்பதன் நேருக்குக் காய் வந்தது. இரண்டு சொல்லும் ஒரே குழியில் இறங்குகின்றன. காரிகையைக் கரைத்துக் குடித்தவரும் இவற்றுள் எது தக்கதென்று யாப்பினால் தீர்க்க முடியாது.

தீர்ப்பது வேறொன்று. நம் நண்பர் பெரிய கிளாக்கர். செக்றோல் அவர் மேசையில் இருப்பது. அரைப்பேர் என்ற சொல் அவர் கையெழுத்தில் வாரந்தோறும் எழுதப்படுவது. விருந்துக்கு இலை போடவும் பாத்திரம் கழுவவும் வந்திருக்கும் பெண்கள் அதை வாங்கிக்கொள்பவர்கள். அவர்கள் காதில் விழ, ‘அரைப்பேர்’ என்று பாடி உள்ளேயிருப்பவர் சிரித்தால், அந்தச் சிரிப்பு நண்பரின் தலைக்கு மேலாகப் பறந்துபோய் அடுக்களை வாயிலில் நிற்பவள் மேல் விழும். நண்பரும் அதைச் சுவைக்கமாட்டார், நல்லவராயிருந்தால் தலைகுனிவார். அரைச்சதமோ அவர் பையை மட்டும் தட்டிப் பார்ப்பது. கேலிக்கு உரியவர் யார், கேலியின் செலவை ஏற்பவர் யார் என்று இரண்டையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒருவரேயானாற் பாட்டைப் படிக்கலாம்.

அந்த நோக்கிற் பார்த்தால் அரைச்சதமும் எல்லா நண்பருக்கும் ஆகாது. மாதச் சம்பளம் தவறாது வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டில் எட்டுப்பேருக்கு விருந்து வைக்கக்கூடியவரிடம் ‘கையிற் காசில்லை’ என்பது பொய். பொய்யாயிருப்பதனாலேயே அது நகைச்சுவை. அதே வயதில் வேலையிழந்திருப்பவரிடம் அது மெய், மெய்யாயிருப்பதனால் வசை. அத்தகையவருக்கு முன் சொன்ன படகோட்டிப் பாட்டைக் கொடுக்கலாம். பொதுவான பாட்டென்று குறைகூறினோமாயினும், அதற்கும் ஒரு வேளையுண்டு.

மனைவியை வாயாடியாக்குவதும் ஆராயத்தக்கது. இவ்வெண்பாவில் மனைவி சொல்வது ஒரு வியங்கோள் வாக்கியம் மட்டுமே: ‘காட்டுக’. ‘காட்டடா’ என்றோ ‘காட்டும் ஐயா’ என்றோ எழுதினால் வேறு குடும்பமாய்விடும். அன்றியும், வெற்றி பெறுபவர் அவரே. ஐம்பது ஓட்டமெடுத்தவரை ஒரே பந்தில் நிறுத்திவிடுகிறார். பாட்டைப் படிக்கும்போது நண்பரைப் பார்க்காமல் அவருடைய மனைவியைப் பார்த்து ஈற்றடியைச் சொன்னால், முதலிற் சிரிப்பவர் அவராயிருப்பார். மற்றவர்க்கு அதன்பின் அனுமதி வேண்டுவதில்லை.

படிக்கும் முறையும் சிறிது கூறவேண்டும். வெண்பாவுக்கு உரியது செப்பலோசை. அஃதாவது எடுத்துரைப்பது போன்ற ஓசை. இராகம் போட்டு இழுத்தாற் சிலேடை கரைந்துபோகும். முதலடியையும் இரண்டாமடியில் ‘ஓங்கிற்றே’ வரையும் உண்மையாகவே புகழ்வது போலப் படித்து, தனிச்சொல்லுக்கு முன் மூச்சு விடுக. ‘வீட்டிலோ’ என்றபின் மீண்டும் ஒரு நிறுத்தம். மூன்றாமடியின் இறுதியில் ‘அரைச்சதத்தைக்’ என்னும்போது ஒற்றெழுத்து ஈற்றடியோடு சேர்வதனால் நிறுத்தக்கூடாது என்று தோன்றும். இலக்கணமும் அவ்வாறே சொல்லும். சபையிலோ அரைநொடி நிறுத்தியே ஆகவேண்டும். அந்த அரைநொடியிலேயே துடுப்பாட்ட அரைச்சதம் செப்புக்காசாக மாறுகின்றது. நிறுத்தாமல் ஓடினால் முன்வரிசையில் உள்ள இருவர் மட்டும் சிரிப்பர். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எதற்கென்று வினவுவர்.

நண்பருக்கு ஐம்பதன்றி அறுபது நிறையுமாயின் இப்பாட்டை மாற்றலாமோ எனின், ஒருவாறு மாற்றலாம். ‘ஓட்டமோ அறுபதாய்’ என்றாற் பிழை: ஓட்-டமோ விளச்சீர்; அதன் முன் அறு என்னும் நிரை வந்து தளை கெடும். ‘ஓட்டம் அறுபதாய் ஓங்கிற்றே’ என்று ஓகாரத்தைக் களைந்தால் மாமுன் நிரையாகிச் சரிப்படும். மூன்றாமடியிலும் ‘கிடைத்தால் அறுபதையும்’ என்றிட்டால், அறு-பதை-யும் கருவிளங்காயாய்த் தளை தட்டாது நிற்கும். வெண்பா நின்றது; சிலேடை போயிற்று. அறுபது என்பது காசின் பெயரன்று. ஆகவே அறுபதாம் ஆண்டுக்காரருக்கு வேறு சொல் தேடவேண்டும். ஆறு என்பது ஒரு பந்துக்குக் கிடைக்கும் ஓட்டம். ஓர் ஓவருக்குப் பந்தும் ஆறு. பத்து ஓவர் முடிந்தால் வீசிய பந்து அறுபது. அந்தப் பத்து ஓவரை வீசியவர் யார், ஒவ்வொன்றிலும் எதிரே துடுப்புடன் நின்றவர் யார் என்று தொடங்கினால் வழி தென்படலாம். எதுகைக்குப் பத்து, முத்து, ஒத்து, எத்து என்பன உண்டு. தனிச்சொல்லை அவரவர் நண்பரின் வீட்டில் தேடிக்கொள்க.